பாரிமுனையில் 750 மீட்டர் ஏன் 1,050 ஆகிறது: கட்டத் தொலைவு ஓர் எளிய விளக்கம்

தம்பு செட்டித் தெருவில் ஒரு கடை. சவுகார்பேட்டைப் பக்கம் இன்னொரு கடை. கைபேசி வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு இழுத்துப் பார்க்கிறீர்கள், 750 மீட்டர் என்று காட்டுகிறது. பத்து நிமிட நடை என்று கிளம்பினால் கால் மணி நேரம் பிடிக்கிறது. கூட்டத்தைக் காரணம் சொல்லலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். ஆனால் தெருவே காலியாகக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நடந்தாலும் 750 மீட்டரில் போய்ச் சேர முடியாது. அந்த நேர்க்கோடு ஜவுளிக் கடைக்குள் புகுந்து, குடோனைத் துளைத்து, யாரோ வீட்டு மொட்டை மாடியைத் தாண்டிப் போகிறது. நாம் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

ஜார்ஜ் டவுனின் தெரு அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். பாரிமுனையிலிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே நடந்தால் லிங்கி செட்டித் தெரு, தம்பு செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு, பிராட்வே என்று ஒவ்வொன்றாக வலப்பக்கம் வடக்கே பிரிந்து போகும். இன்னும் மேற்கே போனால் தங்கசாலை. இவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக வடக்கு நோக்கி ஓடுகின்றன. இவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்கு மேற்காகச் சிறு தெருக்கள் போகின்றன. வரைநூல் பிடித்துப் போட்ட சதுரங்கப் பலகை இல்லைதான், ஆனால் தொலைவைக் கணக்கிட அந்தச் சதுரங்கப் பலகையே போதும்.

இப்படிப்பட்ட ஊரில் நம்மால் இரண்டு திசைகளில்தான் நகர முடியும்: தெருவின் நீளவாக்கில், அல்லது குறுக்குவாக்கில். ஆகவே இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தொலைவு என்பது கிழக்கு மேற்கு வித்தியாசத்தையும் வடக்கு தெற்கு வித்தியாசத்தையும் தனித்தனியே எடுத்து, இரண்டையும் கூட்டினால் வருவது. அவ்வளவுதான் சூத்திரம்.

```
d = |x1 - x2| + |y1 - y2|
```

கிழக்கு மேற்கு வித்தியாசம் |x1 - x2|, வடக்கு தெற்கு வித்தியாசம் |y1 - y2|. இரண்டு பக்கத்திலும் உள்ள செங்குத்துக் கோடுகளுக்குத் தனிமதிப்புக் குறி என்று பெயர். கழித்து வருவது மைனஸ் ஆனால் மைனஸை எடுத்துவிடுங்கள் என்பதே அது சொல்வது. கிழக்கே 450 மீட்டர் போனாலும் மேற்கே 450 மீட்டர் போனாலும் கால் வலி ஒன்றுதான். இந்தத் தொலைவைக் கட்டத் தொலைவு என்று அழைப்போம். கணித நூல்களில் மன்ஹாட்டன் தொலைவு என்றும், டாக்சித் தொலைவு என்றும் வரும். 1811-இல் போட்ட திட்டப்படி நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டதால் முதல் பெயர். இப்படி அளக்கும் வடிவியலுக்கு டாக்சி என்ற பெயரை 1952-இல் வைத்தவர் கார்ல் மெங்கர் என்ற கணிதவியலாளர். சென்னையில் யாராவது வைத்திருந்தால் மீன்பாடி வண்டித் தொலைவு என்றுதான் வைத்திருப்பார்கள்.

முதலில் சொன்ன 750 மீட்டருக்கு வருவோம். கணக்குக்காக, இரண்டாவது கடை முதல் கடையிலிருந்து 450 மீட்டர் மேற்கே, 600 மீட்டர் வடக்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றப்படி 450-இன் வர்க்கத்தையும் 600-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 750. கைபேசி காட்டியது அது. நாம் நடந்ததோ 450 கூட்டல் 600, அதாவது 1,050 மீட்டர். 300 மீட்டர் அதிகம். அந்த 300 மீட்டருக்குக் கூட்டத்தைத் திட்டிப் பயனில்லை.

படிக்கட்டு மாதிரி போனால் குறையுமா?

இதைக் கேட்டதும் பலருக்கும் தோன்றும் எண்ணம் ஒன்று உண்டு. நேராக வடக்கே போய்க் கடைசியில் மேற்கே திரும்புவதால்தானே இவ்வளவு நீளம்? ஒவ்வொரு முனையிலும் திரும்பித் திரும்பி, படிக்கட்டு மாதிரி குறுக்காகப் போனால் நேர்க்கோட்டை ஒட்டியே போகலாமே, தொலைவு குறையுமே?

குறையாது. ஒரு மீட்டர்கூடக் குறையாது. ஒவ்வொரு தெருவும் 150 மீட்டருக்கு ஒன்று வருகிறது என்று எடுத்துக்கொண்டால், நீங்கள் மேற்கே 3 கட்டம், வடக்கே 4 கட்டம் போக வேண்டும். எந்த முனையில் எத்தனை முறை திரும்பினாலும், வந்த வழியே பின்னோக்கிப் போகாதவரை மேற்கே மொத்தம் 3 கட்டம்தான், வடக்கே மொத்தம் 4 கட்டம்தான். 7 கட்டம், 1,050 மீட்டர். இன்னும் சின்னச் சின்னச் சந்துகள் இருந்து, பத்து மீட்டருக்கு ஒரு முறை திரும்பினாலும் அதே கதை. தூரத்திலிருந்து பார்க்க அந்தப் பாதை சாய்ந்த கோடு மாதிரியே தெரியும். நாடா பிடித்து அளந்தால் 1,050 வரும். கண்ணை ஏமாற்றும் இடம் இது. வரைபடத்தில் பார்க்கும்போது நேர்க்கோட்டை ஒட்டிய பாதை குட்டையாகவும் ஓரமாகச் சுற்றும் பாதை நெட்டையாகவும் தோன்றும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரே நீளமுள்ள பாதைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மொத்தம் 7 கட்டம் நடக்கப் போகிறீர்கள். அதில் எந்த மூன்று கட்டங்களை மேற்கே போவதற்கு ஒதுக்குவது என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கும் தேர்வு. ஏழில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 7 × 6 × 5-ஐ 6-ஆல் வகுத்தால் 35 வழிகள். முப்பத்தைந்தும் மிகக் குறுகிய பாதைகள்தான். ஆகவே நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வேறு காரணத்துக்காகப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். பாரம் ஏற்றிய வண்டி என்றால் திருப்பம் குறைவான பாதை: ஒரே ஒரு திருப்பம் உள்ளவை இரண்டு உண்டு, வடக்கே முழுதும் போய் மேற்கே திரும்புவது, அல்லது மேற்கே முழுதும் போய் வடக்கே திரும்புவது. நடந்து போகிறவருக்கு வெயிலில் நிழல் விழும் பக்கம். லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் தெரு எதிரே தெரிந்தால், முந்தைய முனையிலேயே திரும்பிவிடலாம். நஷ்டம் எதுவும் இல்லை.

கட்டத்தை எண்ணுவதில் வரும் தவறு

"நாலு தெரு தள்ளி" என்று வழி சொல்வது நம் வழக்கம். தொலைவு கணக்கிட இது அரைகுறைத் தகவல். ஜார்ஜ் டவுனில் வடக்கு தெற்காக ஓடும் தெருக்கள் நெருங்கி நெருங்கி இருக்கும். அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்கள் அவ்வளவு நெருக்கமாக வராது. அதாவது கட்டம் சதுரமாக இல்லை, வடக்கு தெற்காக நீண்ட செவ்வகம். மேற்கே நாலு தெரு என்பதும் வடக்கே நாலு தெரு என்பதும் ஒரே தொலைவு அல்ல. மன்ஹாட்டனிலும் இதே நிலைமைதான்: ஒரு பக்கம் சுமார் 80 மீட்டர், மறுபக்கம் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

எனவே இரண்டு திசைக்கும் தனித்தனி அளவு வைத்துக்கொள்ளுங்கள். நாடா தேவையில்லை, காலடியே போதும். சாதாரணமாக நடக்கும்போது பெரியவர் ஒருவரின் காலடி 70 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கும். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 133 முதல் 143 அடி வைப்பீர்கள். உங்கள் எண்ணிக்கை எது என்பதை நீளம் தெரிந்த ஒரு இடத்தில், பள்ளி மைதானத்தின் 100 மீட்டர் ஓட்டப்பாதையில், இரண்டு முறை நடந்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கிழக்கு மேற்காக ஐந்தாறு தெருக்களைத் தாண்டி எண்ணி, சராசரி எடுங்கள். வடக்கு தெற்காகவும் அப்படியே. ஒரே ஒரு கட்டத்தை அளந்து அதை வைத்துப் பெருக்குவது ஆபத்து, ஏனென்றால் பழைய ஊரில் ஒரு கட்டம் 60 மீட்டர், அடுத்தது 110 மீட்டர் என்று இருப்பது சகஜம்.

நடக்காமல் கைபேசியில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்தும் கணக்கிடலாம். சென்னை இருக்கும் இடத்தில் அட்சரேகையில் 0.001 என்பது வடக்கு தெற்காகச் சுமார் 110 மீட்டர். தீர்க்கரேகையில் 0.001 என்பது கிழக்கு மேற்காகச் சுமார் 108 மீட்டர். இரண்டு எண்களையும் தனித்தனியே கழித்து, மீட்டராக்கிக் கூட்டுங்கள்.

இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. வரைபடத்தின் வடக்கும் உங்கள் தெருவின் வடக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெருக்கள் எல்லாமே 10 பாகை சாய்ந்திருக்கின்றன என்று வையுங்கள். ஒரே தெருவில், திரும்பாமல் நேராக, 1,000 மீட்டர் தள்ளி ஒரு கடை. உண்மையான தொலைவு 1,000 மீட்டர். வரைபடத்தின் எண்களைக் கழித்தால் வடக்கே 985 மீட்டர், பக்கவாட்டில் 174 மீட்டர் என்று வரும், கூட்டினால் 1,159. இல்லாத 159 மீட்டர் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. கட்டத் தொலைவில் மட்டும் வரும் சிக்கல் இது. நேர்க்கோட்டுத் தொலைவு அச்சு எப்படிச் சாய்ந்தாலும் மாறாது, கட்டத் தொலைவு மாறும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை: வளையாத ஒரு தெருவின் இரண்டு முனைகளின் எண்களை எடுத்துப் பாருங்கள். ஒரு எண் மட்டும் மாறி, மற்றது அசையாமல் இருந்தால் உங்கள் கட்டம் வரைபடத்தோடு ஒத்துப்போகிறது. இரண்டும் மாறினால் கட்டம் சாய்ந்திருக்கிறது. அப்போது வரைபடத்தை விரல்களால் சுழற்றி, தெருக்கள் திரையின் ஓரத்துக்கு இணையாக வரும்வரை திருப்பி, தெருவை ஒட்டியே அளவுகோல் இழுத்து அளப்பதுதான் நல்லது.

நேர்க்கோடு மட்டும் தெரிந்தால்

சில சமயம் கையில் இருப்பது நேர்க்கோட்டுத் தொலைவு மட்டும்தான். அதை எவ்வளவால் பெருக்குவது என்பது போகும் திசையைப் பொறுத்தது. போகும் இடம் அதே தெருவில் இருந்தால் பெருக்க வேண்டியதே இல்லை. சரியாக மூலைவிட்டத்தில், மேற்கே எவ்வளவோ அவ்வளவே வடக்கேயும் என்று இருந்தால் 1.41 மடங்கு. இதைவிட அதிகமாக ஒருபோதும் போகாது, பாதையில் தடை எதுவும் இல்லாதவரை. ஒரு திசை மற்றதைப் போல இரு மடங்கு என்றால் 1.34, மூன்று மடங்கு என்றால் 1.26. எல்லாத் திசைகளையும் சமமாக எடுத்துச் சராசரி பார்த்தால் 1.27 வரும். திசையே தெரியாதபோது 1.3-ஆல் பெருக்கிவிடுங்கள், பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள். நம் 750 மீட்டரை 1.3-ஆல் பெருக்கினால் 975, உண்மை 1,050. பரவாயில்லை.

ரயில் பாதையும் ஒருவழித் தெருவும்

வடசென்னையில் கட்டத் தொலைவு உண்மையில் உதைபடும் இடம் தண்டவாளமும் கால்வாயும்தான். நினைத்த இடத்தில் தாண்ட முடியாது. சுரங்கப்பாதையோ மேம்பாலமோ எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் தாண்ட வேண்டும். கணக்கு அங்கே நொறுங்கிப் போவதில்லை, ஒரு படி கூடுகிறது. புறப்படும் இடத்திலிருந்து தாண்டும் வாசல்வரை ஒரு கட்டத் தொலைவு, வாசலிலிருந்து சேருமிடம்வரை இன்னொன்று. இரண்டையும் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் புளியந்தோப்பில் ஒருவர், மறுபக்கம் வியாசர்பாடியில் இன்னொருவர். நடுவே கணேசபுரம் சுரங்கப்பாதை. எண்கள் கணக்குக்காக மட்டும்: இருவருக்கும் இடையே வடக்கு தெற்காக 800 மீட்டர், கிழக்கு மேற்காக 300 மீட்டர். கட்டத் தொலைவு 1,100. இந்த இருவரையும் எதிரெதிர் மூலைகளாக வைத்து ஒரு செவ்வகம் வரையுங்கள். சுரங்கப்பாதை அந்தச் செவ்வகத்துக்குள் விழுந்தால் கூடுதல் நடை எதுவும் இல்லை, 1,100 மீட்டர்தான். ஏனென்றால் ஒரே நீளமுள்ள பல பாதைகளில் ஏதோ ஒன்று அந்த வாசல் வழியாகத்தான் போகிறது.

பெருமழை. சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த வட்டாரத்தார் பார்த்துச் சலித்த காட்சி. அடுத்த தாண்டும் வழி இந்தச் செவ்வகத்தின் விளிம்பிலிருந்து 700 மீட்டர் மேற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். 700 மீட்டர் மேற்கே போக வேண்டும், தாண்டியபின் அதே 700 மீட்டர் கிழக்கே திரும்ப வேண்டும். ஆகவே கூடுதல் 1,400. மொத்தம் 2,500 மீட்டர். இருவருக்கும் இடையே நேர்க்கோடு இழுத்தால் 854 மீட்டர்தான் வரும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! 1.3 என்ற பெருக்கல் இங்கே எதற்கும் உதவாது. நினைவில் வைக்க ஒரே விதி போதும்: வாசல் செவ்வகத்துக்கு வெளியே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு கூட்டுங்கள். ஒரு மடங்கு மட்டும் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. போவதை எண்ணி, திரும்பி வருவதை மறந்துவிடுகிறோம்.

ஒருவழித் தெருவுக்கும் இதே விதிதான், வண்டிக்காரருக்கு. 240 மீட்டர் நீளத் தெருவில் தென்முனையிலிருந்து 60 மீட்டரில் கடை. நடப்பவர் தென்முனையில் நுழைந்து 60 மீட்டர் போனால் முடிந்தது. வண்டி வடமுனையில்தான் நுழையலாம் என்றால், பக்கத்துத் தெருவில் 240 மீட்டர் மேலே ஏறி, திரும்பி, 180 மீட்டர் கீழே இறங்க வேண்டும். 420 மீட்டர், அதாவது 360 அதிகம். கடையைத் தாண்டிப் போன 180-இன் இரண்டு மடங்கு. ஒன்றைக் கவனித்தீர்களா? ஒருவழி வந்துவிட்டால் போகும் தொலைவும் வரும் தொலைவும் ஒன்றாக இருக்காது. கூலி பேசும்போது இரண்டையும் தனித்தனியே கணக்கிடுவது நல்லது.

மாறாக, கட்டத் தொலைவு கூடுதலாகக் காட்டும் இடமும் உண்டு. சாய்வாக ஓடும் ஒரு சாலை இரண்டு மூலைகளையும் இணைத்தால், அந்தத் துண்டுக்கு மட்டும் நேர்க்கோட்டு அளவை எடுத்து, மீதியைக் கட்டமாகக் கூட்டுங்கள்.

வண்டியை எங்கே நிறுத்துவது?

கட்டத் தொலைவு தெரிந்தால் கிடைக்கும் ஒரு பயனை மட்டும் சொல்லிவிடுகிறோம், அது பலருக்கும் நம்பக் கடினமாக இருக்கும். மூட்டைகளோடு வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஐந்து கடைகளுக்கு ஒவ்வொரு நடையாகத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மொத்த நடை மிகக் குறைவாக இருக்க எங்கே நிறுத்துவது? எல்லாக் கடைக்கும் சராசரியான இடத்தில் என்று மனம் சொல்லும்.

கிழக்கு மேற்கை மட்டும் முதலில் பாருங்கள். கிழக்குக் கோடியிலுள்ள தெருவிலிருந்து எண்ணினால் கடைகள் 0, 0, 1, 2, 6 என்ற கட்டங்களில் இருக்கின்றன. சராசரி 1.8. அங்கே நிறுத்தினால் ஐந்து கடைக்கும் பக்கவாட்டு நடை 1.8 + 1.8 + 0.8 + 0.2 + 4.2, மொத்தம் 8.8 கட்டம். வரிசையில் நடுவில் நிற்கும் கடை மூன்றாவது, அதாவது 1. அங்கே நிறுத்தினால் 1 + 1 + 0 + 1 + 5, மொத்தம் 8. சராசரியை நடுக்கடை வென்றுவிட்டது. காரணம் எளிது. நடுக்கடையிலிருந்து ஒரு கட்டம் மேற்கே வண்டியைத் தள்ளினால் மேற்கே உள்ள இரண்டு கடைகளுக்கு ஒரு கட்டம் மிச்சம். ஆனால் நடுக்கடையையும் சேர்த்துக் கிழக்கே உள்ள மூன்று கடைகளுக்கு ஒரு கட்டம் கூடுதல். எந்தப் பக்கம் தள்ளினாலும் நஷ்டம்தான். ஆறாவது கட்டத்துக் கடை பன்னிரண்டாவது கட்டத்துக்கு மாறிப் போனாலும் வண்டி நிற்க வேண்டிய இடம் மாறாது. சராசரியோ 3-க்கு ஓடிவிடும்.

வடக்கு தெற்குக்கும் இதே மாதிரி தனியாக வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். இரண்டு நடு எண்களும் சந்திக்கும் முனை எந்தக் கடையின் வாசலாகவும் இருக்க வேண்டியதில்லை. கடைகள் இரட்டைப்படையில் இருந்தால் நடுவில் நிற்கும் இரண்டு கடைகளுக்கு இடையே எங்கே நிறுத்தினாலும் மொத்த நடை ஒன்றுதான்; போலீஸ் விரட்டாத முனையாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்.